அச்சாகக் கூடாத கோடு

கடையில் வாங்கும் அட்டைப் பெட்டிகள் சிலவற்றின் மூலையில் மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து கீழ்வரை ஓடும். வேறு சில பெட்டிகளில் மூடியின் விளிம்பில் ரோஸ் நிறக் கீற்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். மை சரியில்லை, மெஷின்காரர் கவனிக்கவில்லை என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் மெஷினில் குற்றம் இருக்காது. பெட்டியை எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது என்று காட்டுவதற்காக டிசைனர் தன் ஃபைலில் ஒரு கோடு வரைந்திருப்பார். ரோஸ் கீற்று என்றால் அந்தக் கோடே அச்சாகிவிட்டது. வெள்ளைக் கோடு என்றால், கோடு அச்சாகவில்லை. ஆனால் தான் இருந்த இடத்தில் மையை விழவிடாமல் செய்துவிட்டது.

அச்சுத் தொழிலில் இதை டை லைன் என்பார்கள். கட்டிங் லைன், கீலைன் என்றும் சொல்வதுண்டு. இந்தக் கோட்டிடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு காரியங்கள். டை செய்பவர் எடுத்துக்கொள்வதற்காக அது ஃபைலில் இருந்தாக வேண்டும். ஆனால் அச்சான தாளில் அது தெரியவே கூடாது. இந்த முரணைத் தீர்க்க அச்சுத் துறை கண்டிருக்கும் வழிதான், கோட்டை ஸ்பாட் கலராக வைப்பது. செய்வதற்குச் சில நிமிடங்கள் போதும். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் மேலே சொன்ன இரண்டு கோளாறும் வராது.

கோட்டை நம்பி இருப்பவர் யார்?

பெட்டி முதலில் தட்டையான அட்டையாகத்தான் அச்சாகிறது. நான்கு நிற ஆஃப்செட்டில் அச்சடித்த அட்டை, மை காய்ந்ததும் பஞ்சிங் மெஷினுக்குப் போகும். அங்கே அதை வெட்டி வடிவத்துக்குக் கொண்டுவருவது டை. சுமார் 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளைவுட் பலகையில் லேசர் கொண்டு மெல்லிய பள்ளங்கள் அறுத்து, அவற்றில் எஃகுப் பட்டைகளைச் செருகினால் டை தயார். வெட்டும் பட்டை கூரானது, வழக்கமாக 23.8 மில்லிமீட்டர் உயரமும் 0.71 மில்லிமீட்டர் தடிமனும் உள்ளது. மடிப்புக்கான பட்டை முனை மழுங்கியது, உயரத்தில் கொஞ்சம் குறைந்தது. மெஷின் ஒருமுறை அழுத்தியதும் கூரான பட்டை அட்டையை அறுத்துவிடும். மழுங்கிய பட்டை அட்டையில் ஒரு தடம் பதிக்கும். பிறகு கையால் மடித்தால் அந்தத் தடத்தில் அட்டை சுத்தமாக மடங்கும்.

லேசர் எந்த வழியாக ஓட வேண்டும் என்று சொல்வது நம் ஃபைலில் இருக்கும் டை லைன்தான். அதனால்தான் அதைத் தனி ஃபைலில் அனுப்புவதைவிட, படமும் எழுத்தும் இருக்கும் அதே ஃபைலில், அதே இடத்தில் வைப்பது நல்லது. படம் ஒரு ஃபைலிலும் கோடு இன்னொன்றிலும் இருந்து, யாரோ ஒன்றை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தினால், தயாரான பெட்டியில் கடையின் பெயர் மூலைக்கு அந்தப் பக்கம் மடிந்து கிடக்கும். எந்த ஃபைல் சரி, எது தவறு என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது.

நிறம் எதுவானாலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும்

நான்கு நிற அச்சில் சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளேட் உண்டு. பிரஸ்ஸில் ஃபைலைத் திறக்கும் கணினி, படத்தில் உள்ள ஒவ்வொரு நிறத்தையும் இந்த நான்கு பங்காகப் பிரிக்கும். இதற்குத்தான் செபரேஷன் என்று பெயர். நாம் கோட்டைச் சாதாரண ரோஸ் நிறத்தில் வரைந்திருந்தால், அதை மஜந்தா பிளேட்டுக்கு உரியது என்று கணினி எடுத்துக்கொள்ளும். அதைத் தவறென்று சொல்ல முடியாது. அது கோடா, மிட்டாய்ப் படத்தின் ஓரமா என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

ஸ்பாட் கலர் என்பது இந்த நால்வர் கூட்டணிக்கு வெளியே நிற்கும் நிறம். தங்க நிறம், வெள்ளி நிறம், ஒரு கம்பெனிக்கே உரிய தனிச் சிவப்பு போன்றவற்றைத் தனி மையில் அடிப்பதற்காக வந்த ஏற்பாடு இது. ஸ்பாட் கலர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் ஒரு தனிப் பிளேட்டும் உருவாகும். டை லைனை இப்படி ஒரு ஸ்பாட் கலரில் வரைந்தால், ஃபைலைப் பிரிக்கும்போது ஐந்தாவதாக ஒரு பிளேட் வந்து நிற்கும். அதில் கோட்டைத் தவிர வேறெதுவும் இருக்காது. பிரஸ்ஸில் அந்த ஐந்தாவதை மட்டும் அணைத்துவிட்டு மற்ற நான்குக்கும் பிளேட் எடுப்பார்கள். அணைத்த அதே ஐந்தாவது, டை செய்பவருக்குப் போகும்.

பிடிஎஃப் ஃபைலுக்குள் இந்த நிறம் எழுதப்பட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

```
[/Separation /Dieline /DeviceCMYK 12 0 R]
```

இது தனியாகப் பிரிக்க வேண்டிய நிறம் என்கிறது முதல் சொல். இரண்டாவது, நாம் வைத்த பெயர். மற்ற இரண்டும் ஒரு மாற்று ஏற்பாடு: திரையில் காட்டவோ, சாதாரண பிரிண்டரில் எடுக்கவோ நேர்ந்தால், நான்கு நிறக் கலவையில் எதைக் கொண்டு இதைக் காட்டுவது என்ற குறிப்பு. அதாவது, நாம் திரையில் பார்க்கும் ரோஸ் நிறம் வெறும் மாற்று வேடம். அது பச்சையாக இருந்தாலும் நீலமாக இருந்தாலும் பிரிவதில் எந்த வித்தியாசமும் இல்லை. டிசைனில் வேறெங்கும் வராத, கண்ணில் அடிக்கிற நிறமாக இருக்கட்டும் என்றுதான் பலரும் 100 சதவீத மஜந்தாவை வைக்கிறார்கள். பெட்டியே ரோஸ் நிறமென்றால் பச்சை வைத்துக்கொள்ளலாம்.

பெயரில் மட்டும் இந்தச் சலுகை இல்லை. `Dieline` என்பதும் `Die Line` என்பதும் கணினிக்கு இரண்டு வெவ்வேறு நிறங்கள். முன்பக்கத்தை ஒருவரும் மூடியை இன்னொருவரும் வரைந்து, ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தால் பாதிக் கோடு ஒரு பிளேட்டிலும் மீதிக் கோடு இன்னொன்றிலும் போகும். பிரஸ்ஸில் ஒன்றை அணைத்துவிட்டு மற்றதைக் கவனிக்காமல் விட்டால், பாதிப் பெட்டியில் கோடு அச்சாகும்.

கோடு போடும் விதம்

இல்லஸ்ட்ரேட்டரில் Swatches பலகையின் மெனுவில் New Swatch என்பதைத் திறக்க வேண்டும். Swatch Name என்ற இடத்தில் `Dieline` என்று எழுதி, Color Type என்பதை Process Color-இலிருந்து Spot Color-க்கு மாற்ற வேண்டும். மஜந்தாவை 100 ஆகவும் மற்ற மூன்றையும் பூஜ்யமாகவும் வைக்கலாம். இதே முறையில் மடிப்புக்கு `Crease` என்று இன்னொரு நிறம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தனி லேயர் போட்டு, கோடுகள் அனைத்தையும் அதில் வைத்துப் பூட்டிவிடுவது நல்லது. கோட்டுக்கு Stroke மட்டும் இருக்க வேண்டும், Fill இருக்கக் கூடாது. கனம் அரைப் பாயிண்ட் போதும். அதாவது சுமார் 0.18 மில்லிமீட்டர்.

கோரல் டிராவில் Palette Editor-இல் நிறத்தைச் சேர்க்கும்போது Treat as என்ற இடத்தில் Spot என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இலவச மென்பொருளான ஸ்கிரைபஸில் நிறம் உருவாக்கும் பலகையிலேயே Is Spot Color என்ற கட்டம் இருக்கிறது. ஆனால் அதில் பிடிஎஃப் எடுக்கும்போது Convert Spot Colors to Process Colors என்றொரு கட்டம் வரும். அதில் டிக் இருந்தால் அதுவரை செய்த வேலையெல்லாம் வீண். கோடு திரும்பவும் சாதாரண மஜந்தாவாகிவிடும். எந்த மென்பொருளிலும் பிடிஎஃப் எடுக்கும் இடத்தில் இப்படி ஒரு பொறி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தேட வேண்டும்.

வெட்டுக்கும் மடிப்புக்கும் ஏன் இரண்டு பெயர்? பலர் ஒரே நிறத்தை வைத்து, வெட்டுக்கு நேர்கோடும் மடிப்புக்கு விட்டு விட்டுப் போகும் கோடும் வரைகிறார்கள். பார்க்கும் மனிதருக்கு இது புரியும். ஆனால் டை செய்யும் மென்பொருள் கோடுகளை நிறத்தையும் லேயரையும் வைத்துத்தான் இனம் பிரிக்கும். இரண்டும் ஒரே பெயரில் வந்தால், எது கூர்ப் பட்டை, எது மழுங்கிய பட்டை என்று ஒருவர் உட்கார்ந்து கையால் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது ஒன்று மாறிப்போனால் மடிய வேண்டிய மூடி தனியாக அறுந்து விழும். விட்டு விட்டுப் போகும் கோட்டில் வேறொரு சிக்கலும் உண்டு. அதை Expand செய்து உண்மையாகவே துண்டு துண்டான கோடுகளாக்கிவிட்டால், கணினியால் இயங்கும் கட்டிங் மெஷின் ஒவ்வொரு துண்டையும் வெட்டு என்று எடுத்துக்கொண்டு, மடிப்பு வர வேண்டிய இடத்தில் தபால்தலை ஓரம் போல ஓட்டைகளைப் போட்டுவிடும். பெயரைப் பிரித்துவிட்டால், மடிப்புக் கோடும் முழுக் கோடாகவே இருக்கலாம்.

லேசருக்குக் கோட்டின் கனம் ஒரு பொருட்டல்ல. அது கோட்டின் நடுவழியே ஓடும். அதனால் கோடு வெக்டராக இருந்தாக வேண்டும். ஃபோட்டோஷாப்பிலும் ஸ்பாட் சானல் போட்டுக் கோட்டைத் தனிப் பிளேட்டாகப் பிரிக்க முடியும். ஆனால் அங்கே இருப்பது புள்ளிகளின் வரிசை. அதைப் பின்பற்றி லேசரால் ஓட முடியாது. ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கோடுகள் கிடப்பதும் கெடுதல்தான். திரையில் ஒரு கோடு போலத் தெரியும். லேசர் அதே பள்ளத்தை இருமுறை அறுக்கும், பள்ளம் அகலமாகும், பட்டை ஆடும்.

வெள்ளைக் கோடு எங்கிருந்து வருகிறது?

ஸ்பாட் கலர் வைத்து, பெயரும் சரியாக வைத்த பிறகும் பெட்டியின் மூலையில் வெள்ளைக் கோடு வரலாம். இதுதான் அதிகம் பேர் அறியாத இடம்.

அச்சுக்கான ஃபைலில் ஒரு பொருளை இன்னொன்றின் மேல் வைத்தால், மேலே இருப்பது கீழே இருப்பதை அந்த இடத்தில் காலிசெய்துவிடும். சிவப்புப் பின்னணியில் மஞ்சள் பூ வைத்தால், பூவின் வடிவத்துக்குச் சிவப்பில் ஒரு ஓட்டை விழும். இல்லாவிட்டால் மஞ்சள் மை சிவப்பு மையின் மேல் விழுந்து நிறம் கெடும். இதை நாக் அவுட் என்கிறார்கள். பூவுக்கு இது தேவை. டை லைனுக்கு இது வினை. நம் ரோஸ் கோடும் கீழே உள்ள சிவப்பில் 0.18 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஓர் ஓட்டை போட்டிருக்கும். பிரஸ்ஸில் ஐந்தாவது பிளேட்டை அணைத்ததும் கோடு போய்விடும், ஓட்டை அப்படியே நிற்கும். அந்த இடத்தில் எந்த மையும் விழாது. அட்டையின் வெள்ளை தெரியும்.

வெட்டும் ஓரத்தில் இது சில சமயம் தப்பிவிடும். கத்தி கோட்டுக்கு உள்ளே விழுந்தால் வெள்ளை கழிவோடு போய்விடும். கத்தி அரை மில்லிமீட்டர் வெளியே விழுந்தால் ஓரத்தில் வெள்ளை இழை நிற்கும். மடிப்புக் கோட்டில் தப்பவே வழியில்லை. அங்கே எதுவும் வெட்டுப்படாததால், பெட்டியின் நான்கு மூலைகளிலும் மேலிருந்து கீழ்வரை வெள்ளை நிற்கும்.

இதற்கு மருந்து ஓவர்பிரிண்ட். கீழே இருப்பதைத் தொடாதே, மேலேயே நில் என்று கோட்டுக்குச் சொல்வது. இல்லஸ்ட்ரேட்டரில் கோடுகள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, Window மெனுவில் Attributes-ஐத் திறந்து, Overprint Stroke என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். கோரல் டிராவில் இதே வேலையைச் செய்வது Overprint Outline. பிடிஎஃப் ஃபைலுக்குள் இது `/OP true` என்று பதிவாகும். கோட்டுக்கு மட்டும்தான் இது. வெள்ளை எழுத்துக்குத் தவறிப்போய் ஓவர்பிரிண்ட் கொடுத்துவிட்டால், வெள்ளைக்கு மை கிடையாது என்பதால் அந்த எழுத்து அச்சில் மறைந்தே போகும்.

சாதாரணத் திரையில் இந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாது. ஓவர்பிரிண்ட் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், போனில் பிடிஎஃப் திறக்கும் வாடிக்கையாளருக்கு அதே ரோஸ் கோடுதான் தெரியும். ஓகே என்று அவர் பதில் அனுப்பிவிடுவார்.

ஒரு மிட்டாய்ப் பெட்டி

கடலை மிட்டாய்ப் பாக்கெட்டுகளை அடுக்கி வைக்கும் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் 120 மில்லிமீட்டர் அகலம், பக்கவாட்டு 40, உயரம் 160. மேலும் கீழும் செருகிக்கொள்ளும் மூடி. முழுக்க அடர் சிவப்புப் பின்னணி.

விரித்துப் போட்டால் இடமிருந்து வலமாக 120, 40, 120, 39.5 என்று நான்கு பக்கங்களும், கடைசியில் ஒட்டுவதற்கு 15 மில்லிமீட்டர் நாக்கும் வரும். நான்காவது பக்கம் அரை மில்லிமீட்டர் குறைவதற்குக் காரணம் அட்டையின் தடிமன். முழு 40 வைத்தால் ஒட்டிய பெட்டியின் ஓரம் வெளியே பிதுங்கும். ஆக மொத்த அகலம் 334.5 மில்லிமீட்டர். உயரத்தில் 160-உடன் மேலே மூடிக்கு 40, செருகும் நாக்குக்கு 15. கீழேயும் அதே அளவு. மொத்தம் 270.

இதில் வெளிச் சுற்று முழுவதும் `Dieline`. மூடிகளுக்கும் பக்கவாட்டு மடல்களுக்கும் இடையே உள்ள பிளவுகளும் வெட்டுதான் என்பதால் அவையும் `Dieline`. பக்கங்களைப் பிரிக்கும் நான்கு செங்குத்துக் கோடுகளும், மூடியும் மடலும் மடியும் கிடைக்கோடுகளும் `Crease`. சிவப்புப் பின்னணியை வெளிக் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்ட வேண்டும். பஞ்சிங்கில் அட்டை கொஞ்சம் நகர்ந்தாலும் அப்போதுதான் ஓரத்தில் வெள்ளை தெரியாது. ஒட்டும் நாக்கில் மட்டும் நிறத்தை முழுக்கப் போடக் கூடாது. மை மேல் பசை சரியாகப் பிடிக்காது. மடிப்பைத் தாண்டி 2 அல்லது 3 மில்லிமீட்டர் சிவப்பு உள்ளே போனால் போதும். கடையின் பெயரும் விலையும் எந்தக் கோட்டிலிருந்தும் குறைந்தது 3 மில்லிமீட்டர் தள்ளி நிற்கட்டும்.

இப்போது இரண்டு ஸ்பாட் நிறக் கோடுகளுக்கும் Overprint Stroke கொடுத்து, PDF/X-4 என்ற அமைப்பில் சேமிக்க வேண்டும். இந்த அமைப்பு ஸ்பாட் நிறங்களை அப்படியே காக்கும். படமாக, அதாவது ஜேபெக்காக மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெயர்கள் அழிந்துவிடும். மிஞ்சுவது ரோஸ் நிறப் புள்ளிகள் மட்டும். அப்படி அனுப்பினால் பிரஸ்ஸிலிருந்து போன் வரும்: "அண்ணே, நாலு கலர்தான் பிரியுது. டை எங்க?"

அனுப்பும் முன் பார்க்க வேண்டியது

சோதனைக்கு அக்ரோபேட் புரோ இருந்தால் வசதி. Print Production கருவிகளில் Output Preview என்பதைத் திறந்தால் செபரேஷன் பட்டியல் வரும். நம் பெட்டிக்கு அதில் ஆறு பெயர்கள் இருக்க வேண்டும்: நான்கு அச்சு நிறங்கள், `Dieline`, `Crease`. ஐந்து இருந்தால் ஏதோ ஒன்று பிரியவில்லை. ஏழு இருந்தால் எங்கோ பெயர் பிசகியிருக்கிறது, அல்லது பழைய வேலை ஒன்றிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வேறொரு ஸ்பாட் கலர் உள்ளே கிடக்கிறது.

எண்ணிக்கை சரியென்றால் அடுத்த சோதனை. நான்கு அச்சு நிறங்களையும் அணைத்துப் பாருங்கள். வெள்ளைத் தாளில் கோடுகள் மட்டும் நிற்க வேண்டும்; எழுத்தோ படமோ உடன் வந்தால் அதற்குத் தவறுதலாக அந்த நிறம் போயிருக்கிறது. பிறகு நான்கையும் திரும்பப் போட்டு, இரண்டு கோட்டு நிறங்களை அணையுங்கள். மடிப்பு இருந்த ஓரிடத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு தடையில்லாமல் ஓடினால் ஓவர்பிரிண்ட் இருக்கிறது. மெல்லிய வெள்ளைக் கோடு நின்றால் இல்லை. அச்சில் பெட்டியின் மூலையில் வரப்போகும் அதே வெள்ளைக் கோடுதான் அது.

அக்ரோபேட் புரோ இல்லாதவர்கள் இல்லஸ்ட்ரேட்டரிலேயே Window மெனுவில் Separations Preview-ஐத் திறந்து, அதில் Overprint Preview கட்டத்தில் டிக் போட்டு இதையே செய்யலாம். இலவசமாக வேண்டுமென்றால் கோஸ்ட்ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஒரே கட்டளையில் பிளேட்டுக்கு ஒரு படமாகப் பிரித்துக் கொடுத்துவிடும்:

```
gs -sDEVICE=tiffsep -r300 -o petti-%d.tif petti.pdf
```

ஸ்பாட் நிறங்களின் பெயர் தாங்கிய ஃபைல்கள் தனியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மஜந்தா ஃபைலைத் திறந்து, மடிப்பு இருந்த இடத்தில் வெள்ளை இழை இருக்கிறதா என்று பார்த்தால் மீதியும் தெரியும்.

தாளைப் பார்த்தே காரணம் சொல்லலாம்

சோதனை செய்யாமல் அச்சடித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அச்சுக்காரர்கள் வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் கோட்டைப் பார்த்தால், தவறு எங்கே நடந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சுத்தமான மஜந்தா மையில் கோடு விழுந்திருந்தால் அது ஸ்பாட் கலராகப் போகவில்லை. வரையும்போதோ பிடிஎஃப் எடுக்கும்போதோ சாதாரண நிறமாகிவிட்டது. கோட்டின் இடத்தில் மையே இல்லையென்றால் ஸ்பாட் கலர் சரி, ஓவர்பிரிண்ட் விடுபட்டிருக்கிறது.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. கோடு கரிய நிறத்தில், ஓரங்களில் நீலமும் சிவப்பும் பிதுங்கியபடி இருக்கும். நிறப் பட்டியலில் Registration என்று ஏற்கெனவே ஒரு நிறம் இருக்கும். பார்ப்பதற்குக் கறுப்பு. அச்சுக்கு உரிய ஏதோ நிறம் என்று பெயரை வைத்து நம்பி, டை லைனுக்கு அதைக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. பிளேட்டுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கும் குறிகளுக்கான நிறம் அது. எல்லாப் பிளேட்டிலும் 100 சதவீதம் விழுவதுதான் அதன் வேலை. எந்தப் பிளேட்டிலும் விழக் கூடாத கோட்டுக்கு அதைவிடப் பொருந்தாத நிறம் வேறில்லை.

கோடு அச்சாகவும் இல்லை, டைக்கும் கிடைக்கவில்லை என்றால், கோடு அச்சாகிவிடுமோ என்று பயந்து யாரோ அந்த லேயரை மறைத்துவிட்டு பிடிஎஃப் எடுத்திருப்பார்கள்.

பெயரைக் கேட்டு வாங்குவது

ஸ்டிக்கர் அடிக்கும் டிஜிட்டல் மெஷின்களில் டை பலகை கிடையாது. மெஷினே கத்தியை ஓட்டி வெட்டும். அங்கே பெயரின் அதிகாரம் இன்னும் கூடுதல். ரோலண்ட் கம்பெனியின் வெர்சாவொர்க்ஸ் மென்பொருள் `CutContour` என்ற பெயருள்ள ஸ்பாட் கலரைக் கண்டால் மனிதர் யாரும் சொல்லாமலே அதைக் கத்தியின் வழியாக எடுத்துக்கொள்ளும். `PerfCutContour` என்றிருந்தால் தாளோடு சேர்த்து விட்டு விட்டு வெட்டும். எழுத்து மாறினால், அது வழக்கமான ஸ்பாட் நிறம் என்று நினைத்து அதற்குரிய கலவையில் அச்சடித்துவிடும். கத்தி நகரவே நகராது.

ஆஃப்செட் பிரஸ்களில் இப்படி ஒரே பெயர் இல்லை. ஒருவர் `Dieline` என்பார், இன்னொருவர் `Cut` என்பார், மூன்றாமவர் `Keyline` கேட்பார். இந்தக் குழப்பத்துக்கு 2018-இல் ISO 19593-1 என்ற உலகத் தரநிலை ஒரு வழி சொன்னது. பெயர் எதுவானாலும், பிடிஎஃப்பின் லேயருக்குள் இது வெட்டு, இது மடிப்பு, இது பசை ஒட்டும் இடம் என்று இயந்திரம் படிக்கக்கூடிய குறிப்பைப் பதித்துவிடும் முறை அது. `Structural` என்ற பிரிவின் கீழ் `Cutting`, `Creasing`, `Perforating`, `Gluing` என்று தனித்தனிக் குறிகள் உண்டு. பெரிய பேக்கேஜிங் நிறுவனங்களின் மென்பொருள்கள் இதைப் படிக்கும். அந்த வசதி இல்லாத பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது, வேலையைத் தொடங்கும் முன்பே போன் செய்து, அவர்கள் எந்தப் பெயரை எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டு, எழுத்து பிசகாமல் அதையே வைப்பது நல்லது. டை கைவசம் தயாராக இருக்கும் அளவென்றால், கோட்டையும் அவர்களிடமே வாங்கி அதன் மேல் டிசைன் செய்வது இன்னும் பாதுகாப்பு. அந்தக் கோட்டை எந்தக் காரணத்துக்காகவும் இழுத்துப் பெரிதாக்கவோ சுருக்கவோ கூடாது.

ஸ்பாட் கலர் கோட்டைப் பிரித்துக் கொடுக்கும். கோடு சரியான அளவில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. 39.5 இருக்க வேண்டிய இடத்தில் 49.5 வரைந்திருந்தாலும் ஆறு பிளேட்டும் அழகாகப் பிரியும், எல்லாச் சோதனையும் தேறும். அதற்கும் இதே பிரிவினையே வழி தருகிறது. நான்கு நிறங்களையும் அணைத்துவிட்டு, கோடுகளை மட்டும் முழு அளவில், 100 சதவீதத்தில் ஒரு தாளில் எடுங்கள். பிரிண்ட் பெட்டியில் தாளுக்கு ஏற்பச் சுருக்கு என்ற தேர்வு அணைந்திருக்கட்டும். 334.5 மில்லிமீட்டர் அகலம் ஏ4 தாளில் அடங்காது, ஏ3-இல் அடங்கும். அச்சுக்கு வைத்திருக்கும் அதே அட்டையில் அதை ஒட்டி, கத்தரியால் வெட்டி, மடித்து, உள்ளே மிட்டாய்ப் பாக்கெட்டுகளை அடுக்கிப் பாருங்கள். மூடி செருகிக்கொண்டு பாக்கெட்டுகளும் அடங்கினால் டைக்குச் சம்மதம் சொல்லலாம்.